ஹீமோகுளோபின் 12.4 இருந்தும் மகளுக்கு ஏன் இந்த அசதி?

"டாக்டர், என் மகளுக்கு 15 வயது. பன்னிரண்டரை வயதில் வயதுக்கு வந்தாள். ஆரம்பத்திலிருந்தே மாதவிடாய் 8 நாள் போகிறது. இரண்டாம், மூன்றாம் நாட்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்றுகிறாள், இரவிலும் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறது. எனக்கும் அந்த வயதில் இப்படித்தான் இருந்தது. ஆறேழு மாதமாக அவளுக்கு எப்போதும் அசதி. ஓட்டப் பந்தயத்தில் ஓடிய பெண், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்கிறாள். படித்தது மனதில் நிற்கவில்லை என்று அழுகிறாள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12.4. 'ரத்தசோகை இல்லை' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் சோம்பல் என்கிறார்கள். ரத்தம் சரியாக இருக்கும்போது ஏன் இவ்வளவு சோர்வு? எனக்கு எழுதிக்கொடுத்த இரும்பு மாத்திரை வீட்டில் இருக்கிறது, அதையே அவளுக்குக் கொடுக்கலாமா?"

உங்கள் கடிதத்தில் இல்லாத ஓர் எண்தான் எனக்கு வேண்டும். அது ஃபெரிட்டின். உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பின் அளவை அது காட்டும். ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து 'நன்றாக இருக்கிறாள்' என்று சொல்லிவிட முடியாது. மாதாமாதம் இவ்வளவு ரத்தம் போகும் பெண்ணுக்கு இரும்பு குறையத் தொடங்கிப் பல மாதங்கள் கழிந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். உங்கள் மகள் சோம்பேறி என்று நான் நினைக்கவில்லை. அவளிடம் இரும்பு தீர்ந்துபோயிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

உடம்பில் இருக்கும் இரும்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ரத்தச் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபினாக இருக்கிறது. மிச்சத்தில் ஒரு பகுதி கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் சேமிப்பாக இருக்கும். இன்னொரு சிறு பகுதி தசையிலும் மூளையிலும் மற்ற எல்லாத் திசுக்களிலும் வேலை செய்துகொண்டிருக்கும். இரும்பு வரவு குறைந்தால் உடம்பு முதலில் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். அது வற்றும்போது, கிடைக்கிற இரும்பைச் சிவப்பணு தயாரிப்புக்கே முதலில் கொடுக்கும். பணம் போதாத வீட்டில் வாடகையை மட்டும் தவறாமல் கட்டிவிட்டு மற்றச் செலவுகளைக் குறைப்பது போல. வாடகை ரசீதை மட்டும் பார்ப்பவருக்கு அந்த வீட்டில் எந்தக் குறையும் தெரியாது.

அப்படிக் குறைக்கப்படும் செலவுகளில்தான் சோர்வு தொடங்குகிறது. தசைச் செல்லுக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மயோகுளோபினுக்கு இரும்பு வேண்டும். சாப்பிட்டதைச் சக்தியாக மாற்றும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் பல நொதிகளுக்கும் இரும்பு வேண்டும். அவை குறைந்தால், ரத்தம் போதுமான ஆக்சிஜனைக் கொண்டுவந்து கொடுத்தாலும் தசையால் அதை முழுதாகப் பயன்படுத்த முடியாது. ஓட்டத்திலும் மாடிப்படியிலும் கால் கனப்பதும் சீக்கிரம் மூச்சு வாங்குவதும் இதனால்தான். மூளையில் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் தயாராகும் முக்கியமான கட்டத்திலும் இரும்பு தேவை. கவனம் நிற்காமல் போவது, எரிச்சல், படுத்தால் காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுவது ஆகியவற்றை அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 'படித்தது மனதில் நிற்கவில்லை' என்று அவள் அழுவதை நான் உடல் அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இதைப் பரிசோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ரத்தசோகை இல்லாமல் இரும்பு மட்டும் குறைவாக இருந்த வளரிளம் பெண்களுக்கு இரும்பு கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1996-இல் வெளியானது. எட்டு வாரத்தில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்குச் சொற்களைக் கற்று நினைவில் வைக்கும் திறன் கூடியிருந்தது. 2012-இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஹீமோகுளோபின் சரியாகவும் ஃபெரிட்டின் 50-க்குக் கீழும் இருந்த, காரணம் தெரியாத சோர்வுள்ள பெண்களுக்கு 12 வாரம் இரும்பு கொடுத்தார்கள். சோர்வு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் கால் பங்குக்கு மேல் குறைந்தது. மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கையே கொஞ்சம் தெம்பு தரும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்த வித்தியாசம் இரும்பால் வந்தது.

இப்போது உங்கள் மகளின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சராசரி மாதவிடாயில் 30 முதல் 40 மில்லி ரத்தம் போகும். 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்று வைத்திருக்கிறோம். நீங்கள் சொன்னதைப் பார்த்தால் அவளுக்கு 90 மில்லியாவது போகும் என்று கொள்ளலாம். ஹீமோகுளோபின் 12.4 இருக்கும் ரத்தத்தில் 100 மில்லிக்கு சுமார் 42 மில்லிகிராம் இரும்பு உண்டு. அப்படியானால் ஒரு மாதவிடாய்க்கு 38 மில்லிகிராம். 28 நாளுக்குப் பிரித்தால் தினம் சுமார் 1.35 மில்லிகிராம். குடல், தோல் வழியாக எல்லோருக்கும் தினமும் போவது கிட்டத்தட்ட 1 மில்லிகிராம். அவள் வளரும் வயதில் இருப்பதால் புதிய தசைக்கும் கூடும் ரத்த அளவுக்கும் இன்னும் கால் மில்லிகிராமாவது வேண்டும். மொத்தத்தில் தினம் 2.6 மில்லிகிராம் தேவை. நல்ல சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சுவது வழக்கமாக 1 முதல் 2 மில்லிகிராம்தான். 2 கிடைக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் தினம் 0.6 பற்றாக்குறை, மாதத்துக்கு சுமார் 17 மில்லிகிராம். வயதுக்கு வந்தபோது அவள் சேமிப்பு 200 மில்லிகிராம் இருந்திருந்தால் ஒரு வருடத்தில் அது காலி. சேமிப்பு குறையக் குறையக் குடல் கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சும் என்பதால் நடைமுறையில் ஒன்றரை, இரண்டு வருடம் தாங்கலாம். அவள் வயதுக்கு வந்து இரண்டரை வருடம் ஆகிறது. சோர்வு தொடங்கி ஆறேழு மாதம். கணக்கு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்.

அந்த இரண்டு வருடமும் ஹீமோகுளோபின் பார்த்திருந்தால் பெரிய மாற்றம் தெரிந்திருக்காது. சேமிப்பு தீர்ந்து, புதிய சிவப்பணுவுக்கும் இரும்பு பத்தாமல் போன பிறகுதான் அது இறங்கும். அப்போதும் உடனே இறங்காது. சிவப்பணு 120 நாள் வாழும், முன்பு நன்றாகத் தயாரான அணுக்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பழைய ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அவளுக்கு முன்பு 13.6 இருந்தது என்றால், இன்றைய 12.4 எல்லைக் கோடான 12-க்கு மேலே இருந்தாலும், அவளைப் பொறுத்தவரை அது இறக்கம்தான்.

சரி, என்ன பரிசோதனை கேட்க வேண்டும்? முழு ரத்த எண்ணிக்கையோடு ஃபெரிட்டின். அதோடு ரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்லும் புரதத்தில் எத்தனை சதவீதம் இரும்பு ஏறியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன். ஃபெரிட்டின் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் இரும்புக் குறைபாடு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அந்த எண்ணில் சேமிப்பு கிட்டத்தட்டத் துடைத்துவிட்ட நிலை. அறிகுறிகளும் அதிக ரத்தப்போக்கும் இருக்கும் பெண்ணுக்கு 30-க்குக் கீழ் இருந்தாலே சிகிச்சை தொடங்குவது பல மருத்துவர்களின் வழக்கம், என் வழக்கமும் அதுவே. பரிசோதனைக்கூடத் தாளில் 'இயல்பு வரம்பு' 10-லிருந்தோ 12-லிருந்தோ தொடங்குவதாக அச்சாகியிருக்கலாம். அதை நம்பி 14-ஐ இயல்பு என்று விட்டுவிடாதீர்கள்.

காய்ச்சல், தொற்று, உடலில் வேறு அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறும். சேமிப்பு காலியாக இருந்தாலும் 60 என்று காட்டக்கூடும். ஆகவே ஜுரம் ஏதும் இல்லாத நாளில், அல்லது அது விட்டு இரண்டு மூன்று வாரம் கழித்துப் பரிசோதியுங்கள். ஒன்று உறுதி: குறைந்த ஃபெரிட்டின் பொய் சொல்லாது. அது குறைந்திருந்தால் இரும்பு குறைவுதான்.

வீட்டில் இருக்கும் மாத்திரையை இப்போதே கொடுக்க வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இதிலேயே இருக்கிறது. நாலு வாரம் கொடுத்துவிட்டுப் பரிசோதித்தால் எங்கிருந்து தொடங்கினாள் என்பதே தெரியாமல் போய்விடும். இரும்பு போதுமான அளவு இருந்து சோர்வுக்குத் தைராய்டு குறைவோ மனச்சோர்வோ காரணமாக இருந்தால், மாதக்கணக்கில் அதைத் தவறவிடுவோம். சிலருக்கு ஹீமோகுளோபின் தயாரிப்பைப் பாதிக்கும் தலசீமியா கூறு பிறவியிலேயே இருக்கும். அவர்களுக்குச் சிவப்பணு சிறிதாகத் தெரியும், ஆனால் ஃபெரிட்டின் சரியாக இருக்கும், இரும்பு கொடுத்தால் பயன் இல்லை. ஒரு ரத்தப் பரிசோதனைக்காக இரண்டு மூன்று நாள் பொறுப்பதில் நஷ்டம் ஏதுமில்லை.

அடுத்தது ரத்தப்போக்கு. இதை விட்டுவிட்டு இரும்பை மட்டும் கொடுப்பவர்களை அதிகம் பார்க்கிறேன். மாத்திரை நிறுத்திய ஆறாவது மாதம் அந்தப் பெண் அதே அசதியோடு திரும்பி வருவாள். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எவ்வளவு போகிறது என்று அடுத்த மாதவிடாயில் அவளையே குறித்து வைக்கச் சொல்லுங்கள். லேசாகக் கறைபட்ட நாப்கினுக்கு 1 மதிப்பெண், ஓரளவு நனைந்ததற்கு 5, முழுதும் நனைந்ததற்கு 20. சிறு ரத்தக்கட்டிக்கு 1, பெரியதற்கு 5. ஒரு மாதவிடாயின் மொத்தம் 100-ஐத் தாண்டினால் 80 மில்லிக்கு மேல் போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த முறை 1990-இல் வந்தது. இன்றைய நாப்கின்கள் அதிகம் உறிஞ்சக்கூடியவை என்பதால் எண்ணை ஒரு மதிப்பீடாகத்தான் பார்க்க வேண்டும். உங்கள் மகள் இரண்டாம் நாளில் மட்டும் முழுதாக நனைந்த ஐந்து நாப்கின் மாற்றினால் அங்கேயே 100 வந்துவிடும். டாக்டரிடம் 'நிறையப் போகிறது' என்று சொல்வதைவிட இந்தத் தாளைக் காட்டுவது மிகவும் உதவும். வெட்கப்பட்டுப் பேசாமல் நிற்கும் பெண்ணுக்கு அது பெரிய ஆறுதலும்கூட.

இந்த வயதில் அதிகம் போவதற்குப் பொதுவான காரணம், வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருடங்களில் பல மாதங்கள் கருமுட்டை வெளிவராமல் இருப்பது. முட்டை வெளிவராத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்காது. கருப்பை உட்சுவர் தடித்துக்கொண்டே போய், பிறகு ஒழுங்கில்லாமல் உதிரும். இப்படிப்பட்டவர்களுக்கு மாதவிடாய் நாள் தவறித் தவறி வரும். உங்கள் மகளுக்கு நாள் சரியாக வந்து, முதல் மாதவிடாயிலிருந்தே போக்கு அதிகமாக இருந்தால், எனக்கு வேறு சந்தேகம் வரும். உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன 'எனக்கும் அந்த வயதில் இப்படித்தான்' என்பது அந்தச் சந்தேகத்தைக் கூட்டுகிறது.

ரத்தம் உறைவதில் பிறவியிலேயே இருக்கும் சிறு குறைபாடுகள் குடும்பத்தில் வரும். அவற்றில் மிகப் பரவலானது வான் வில்லிபிராண்ட் நோய். காயம்பட்ட ரத்தக்குழாயில் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளப் பசை போல உதவும் ஒரு புரதம் குறைவாக இருக்கும், அல்லது சரியாக வேலை செய்யாது. வான் வில்லிபிராண்ட் என்ற பின்லாந்து மருத்துவர் 1926-இல் இதைப் பற்றி முதலில் எழுதினார். அவர் அதில் விவரித்த ஒரு சிறுமி பிற்பாடு தன் 13-ஆம் வயதில், நான்காவது மாதவிடாயின்போது ரத்தப்போக்கு நிற்காமல் இறந்துபோனாள். இன்று மருந்து இருக்கிறது, அந்த நிலை வர வேண்டியதில்லை. ஆனால் இலேசான வகை இருக்கும் பெண்கள் பலருக்கு அது மாதவிடாயில் மட்டும்தான் வெளிப்படும். பாட்டிக்கும் அம்மாவுக்கும் மகளுக்கும் அப்படியே இருப்பதால் 'நம் வீட்டுப் பெண்களுக்கு இதுதான் இயல்பு' என்று யாரும் கேள்வி கேட்பதில்லை. அவளுக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம் வருகிறதா, அடிபடாமலே கன்றிப்போகிறதா, பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்க நேரமானதா? உங்களுக்குப் பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனதா? இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் உங்கள் மகளுக்கு வான் வில்லிபிராண்ட் பரிசோதனையை நான் எழுதுவேன். பயத்திலும் காய்ச்சலிலும் ஹார்மோன் மாத்திரை சாப்பிடும்போதும் அந்தப் புரதம் ஏறிவிடும். அதனால் ஒரு தடவை சரியாக வந்ததை முடிவு என்று எடுத்துக்கொள்ளாமல் சந்தேகம் பலமாக இருந்தால் மறுபடி பார்க்க வேண்டும். இது தெளிவாகும் வரை வயிற்று வலிக்கு ஆஸ்பிரின் வேண்டாம், மெஃபெனாமிக் அமிலம், ஐபுப்ரோஃபென் போன்றவையும் வேண்டாம். பாராசிட்டமால் போதும்.

போக்கைக் குறைக்க எளிய மருந்து டிரானெக்ஸாமிக் அமிலம். ஹார்மோன் இல்லை. உறைந்த ரத்தம் சீக்கிரம் கரைந்துபோகாமல் தடுக்கும். அதிகம் போகும் நாட்களில் மட்டும், அதிகபட்சம் ஐந்து நாள் சாப்பிட்டால் ரத்தப்போக்கு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறையும். குடும்பத்தில் யாருக்காவது ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியிருந்தால் அதைச் சொல்லாமல் இதை வாங்கக்கூடாது. இது போதாவிட்டால் ஹார்மோன் மாத்திரை. அதைச் சொன்னதும் அம்மாக்களின் முகம் மாறும். பிற்காலத்தில் குழந்தை பிறப்பதை அது கெடுக்காது, நிறுத்தினால் சுழற்சி திரும்பிவிடும்.

ஃபெரிட்டின் குறைவு என்று வந்தால் இரும்பு எப்படிக் கொடுப்பது? அட்டையில் 'தனிம இரும்பு' எவ்வளவு என்று பாருங்கள், உப்பின் எடை வேறு, இரும்பின் எடை வேறு. 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃப்யூமரேட்டில் இரும்பு 65 மில்லிகிராம்தான். உங்கள் மகள் வயதில் 60 மில்லிகிராம் அளவு, ஒரே வேளை போதும். ஒரு வேளை மாத்திரை சாப்பிட்டதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். சுமார் ஒரு நாள் வரைக்கும் அது குடலின் இரும்புக் கதவைச் சாத்தி வைக்கும். ஆகவே தினம் இரண்டு மூன்று மாத்திரை சாப்பிட்டால் உள்ளே போவதைவிட வயிற்றைப் புரட்டுவதுதான் அதிகம். ரத்தசோகை இல்லாத பெண்ணுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுப்பதையே நான் விரும்புகிறேன். மாத்திரையின் ஒவ்வொரு மில்லிகிராமும் நன்றாக உறிஞ்சப்படும், மலச்சிக்கலும் குறையும். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு நல்லது. ஒத்துக்கொள்ளாவிட்டால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுச் சாப்பிடட்டும், நிறுத்துவதைவிட அது மேல். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளியே. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மாத்திரையைப் பூட்டி வையுங்கள். ஒரு கைப்பிடி இரும்பு மாத்திரை சிறு குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

சாப்பாட்டிலேயே சரிசெய்துவிடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். காலியான சேமிப்பு நிரம்ப 200, 300 மில்லிகிராம் வேண்டும், அதற்கிடையே மாதாமாதம் 38 போகிறது. எவ்வளவு நல்ல சாப்பாடாக இருந்தாலும் இந்த வேகத்தை எட்டாது. நிரம்பிய பிறகு அதைக் காப்பாற்றத்தான் சாப்பாடு உதவும்.

மூன்று நான்கு வாரத்தில் மூச்சு வாங்குவதும் மதியத் தூக்கமும் குறையத் தொடங்கும். அங்கேதான் பெரும்பாலானவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். 12 வாரம் முடிந்து ஃபெரிட்டின் மறுபடி பார்க்க வேண்டும். பரிசோதனைக்கு முந்தைய நாளும் அன்று காலையும் மாத்திரை வேண்டாம், இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் தவறாக ஏறித் தெரியும். 50-ஐ எட்டும் வரை நான் தொடர்வேன். ஃபெரிட்டின் அசையவே இல்லை என்றால் மாத்திரை ஒழுங்காகப் போகிறதா, போக்கு இன்னும் அதே அளவா, குடல் உறிஞ்சவில்லையா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயில் மாத்திரை கொடுத்தாலும் பலருக்குச் சரியாக ஏறாது. அப்படியானால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாம். ஃபெரிட்டின் 60 வந்தும் அசதி அப்படியே இருந்தால், இரும்புக் கதையை அங்கே முடித்துவிட்டு அவள் தைராய்டையும் தூக்கத்தையும் மனதையும் விசாரிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரு வாரம், பத்து நாள் பொறுக்கலாம். ஆனால் மணிக்கு ஒரு நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் முழுதாக நனைந்தால், எழுந்து நின்றதும் கண் இருட்டி விழுந்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடத்து மூச்சு வாங்கினால், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அந்த நிலையில் காலையில் வந்த ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டைக்கூட நம்பிக் காத்திருக்க வேண்டாம். ரத்தம் வேகமாகப் போகும்போது மிச்சமிருக்கும் ரத்தம் இன்னும் நீர்த்துப்போயிருக்காது, அதனால் முதல் சில மணி நேரத்துக்கு அந்த எண் இறங்காமலே நிற்கும்.